மூன்று மாதம், எட்டாயிரம் வரை

டிசம்பர் பிறந்துவிட்டால் கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் இன்டர்ன்ஷிப் அறிவிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கிவிடும். ஒரு படம், அதன் கீழே பத்து வரி. "உடனே அப்ளை பண்ணுங்க" என்று சீனியர் யாராவது அனுப்பியிருப்பார். படிக்க அரை நிமிடம் போதும். ஆனால் அந்த அரை நிமிட வாசிப்பை வைத்துத்தான் ஒரு மாணவி தன் கடைசி செமஸ்டரை எப்படிக் கழிப்பது என்று முடிவெடுக்கிறாள், அவள் வீட்டில் பணத்துக்கு ஏற்பாடு செய்கிறார்கள். அதனால் அந்தப் பத்து வரியை நிதானமாகப் படிக்கத் தெரிய வேண்டும்.

கீழே இருப்பது ஒரு மாதிரி. இத்தகைய அறிவிப்புகளில் வழக்கமாக என்ன இருக்குமோ அதைச் சேர்த்து நானே எழுதியது. எந்த நிறுவனத்துடையதும் அல்ல.

"இன்டர்ன்ஷிப் வாய்ப்பு! வெப் டெவலப்மென்ட் இன்டர்ன், 4 இடங்கள். காலம்: 3 மாதம், முழுநேரம், ஜனவரி முதல். இடம்: கோவை அலுவலகம். ஸ்டைபண்ட்: மாதம் ரூ.8,000 வரை, பர்ஃபார்மன்ஸ் அடிப்படையில். தேவையான திறன்கள்: எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட், கிட். ரியாக்ட் தெரிந்தால் நல்லது. யார் விண்ணப்பிக்கலாம்: இறுதியாண்டு மாணவர்கள். சான்றிதழ் உண்டு. சிறப்பாகச் செய்பவர்களுக்கு வேலை வாய்ப்பும் உண்டு. ரெஸ்யூம், கிட்ஹப் லிங்க் இரண்டையும் மெயிலில் அனுப்பவும்."

இதைப் படிப்பவர் கரூரில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாமாண்டு படிக்கும் ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். அவர் கண் முதலில் போகும் இடம் எட்டாயிரம் என்ற எண். போக வேண்டிய இடம் அதற்கு முந்தைய வரி.

மூன்று மாதம், முழுநேரம், ஜனவரி முதல். அவருக்கு அப்போது ஆறாவது செமஸ்டர் நடந்துகொண்டிருக்கும். இரண்டு மூன்று தியரி பேப்பர், ஒரு புராஜெக்ட், எழுபத்தைந்து சதவீத வருகைப் பதிவு எல்லாம் இருக்கும். பொறியியல் கல்லூரிகளில் கடைசி செமஸ்டரைப் பெரும்பாலும் புராஜெக்ட்டுக்கே விட்டுவிடுவதால், எட்டாவது செமஸ்டர் மாணவர் ஒருவர் கல்லூரியிடம் என்.ஓ.சி. வாங்கிக்கொண்டு மூன்று மாதம் கோவையில் உட்கார முடியும். பி.எஸ்சி. மாணவிக்கு அந்த வசதி பெரும்பாலும் கிடைக்காது. அறிவிப்பு "இறுதியாண்டு மாணவர்கள்" என்று பொதுவாகச் சொல்கிறது. எழுதியவர் மனத்தில் இருப்பதோ பி.இ. நான்காமாண்டு. இதைக் கேட்காமலே தேர்வாகிச் சேர்ந்து, மார்ச் மாதம் வருகைப் பதிவு குறைந்து தேர்வு எழுத முடியாமல் திண்டாடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மெயில் அனுப்பும் முன்பே துறைத்தலைவரிடம் போய், எத்தனை நாளுக்கு என்.ஓ.சி. தருவீர்கள், அந்த நாட்களுக்கு ஆன் டியூட்டி உண்டா என்று கேட்டுவிட வேண்டும்.

கல்லூரிக்கு எவ்வளவு இன்டர்ன்ஷிப் தேவை என்பதும் இங்கே முக்கியம். பல்கலைக்கழக மானியக் குழு 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மூன்றாண்டு இளநிலை மாணவர்கள் நான்காவது செமஸ்டருக்குப் பிறகு 60 முதல் 120 மணி நேரம் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும் என்கிறது. அதற்கு இரண்டு முதல் நான்கு கிரெடிட். வாரம் ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால், மாதத்துக்கு இருபத்தைந்து வேலை நாளில் 200 மணி நேரம் ஆகிவிடும். மூன்று மாதத்துக்கு 600 மணி நேரம். கல்லூரி கேட்பது அதிகபட்சம் 120. மீதி 480 மணி நேரம் கிரெடிட்டுக்காகச் செலவிடப்படுவதில்லை. கற்றுக்கொள்வதற்காகவும், அங்கேயே வேலை கிடைக்கலாம் என்ற நம்பிக்கையிலும் செலவாகிறது. அதில் தவறு ஒன்றும் இல்லை. அந்த மணி நேரங்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் இனி பார்க்க வேண்டும்.

இப்போது எட்டாயிரத்துக்கு வருவோம். 200 மணி நேரத்துக்கு எட்டாயிரம் என்றால் மணிக்கு நாற்பது ரூபாய். ஆனால் அறிவிப்பில் "எட்டாயிரம்" என்று இல்லை, "எட்டாயிரம் வரை" என்று இருக்கிறது. கூடவே "பர்ஃபார்மன்ஸ் அடிப்படையில்" என்றும் இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் குறைந்தபட்சம் எவ்வளவு என்று அறிவிப்பு சொல்லவே இல்லை என்று பொருள். மூவாயிரமும் எட்டாயிரம் வரைக்குள் அடங்கும். பர்ஃபார்மன்ஸை யார் அளக்கிறார், எதை வைத்து அளக்கிறார் என்பதும் தெரியாது. பல இடங்களில் முதல் மாதத்தைப் பயிற்சிக் காலம் என்று சொல்லி ஸ்டைபண்ட் தருவதில்லை. இது அறிவிப்பில் வராது, நேர்காணலின் கடைசியில்தான் வாயால் சொல்வார்கள்.

கரூர் மாணவியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கோவைக்குத் தினமும் போய்வர முடியாது. பி.ஜி.யில் தங்க வேண்டும். சாப்பாட்டோடு மாதம் ஆறாயிரத்து ஐந்நூறு, பஸ்ஸும் கைச்செலவும் ஆயிரத்து ஐந்நூறு என்று வைத்தால் மாதம் எட்டாயிரம் போய்விடும். மூன்று மாதத்துக்கு இருபத்து நாலாயிரம். முதல் மாதம் ஸ்டைபண்ட் இல்லாமல், அடுத்த இரண்டு மாதமும் முழு எட்டாயிரம் வந்தாலும் கைக்கு வருவது பதினாறாயிரம்தான். எட்டாயிரம் வீட்டிலிருந்து போட வேண்டும். மாதம் நாலாயிரம்தான் தந்தார்கள் என்றால் வீட்டிலிருந்து போக வேண்டியது பதினாறாயிரம். பி.ஜி. அட்வான்ஸ் இதில் சேரவில்லை. தறி ஓட்டுகிற அல்லது சின்னக் கடை வைத்திருக்கிற குடும்பத்துக்கு இது லேசான தொகை அல்ல. ஸ்டைபண்ட் வருகிறதே, செலவு அதிலேயே போய்விடும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவதைவிட, இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி வீட்டில் எல்லோரும் பார்த்த பிறகு முடிவெடுப்பது நல்லது. பணம் போனாலும் பரவாயில்லை, கற்றுக்கொள்ளட்டும் என்று வீட்டில் முடிவு செய்தால் அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும்.

மாணவர் இன்டர்ன்களுக்கு இவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்று நம் நாட்டில் சட்டப்படி ஒரு தொகை கிடையாது. அப்ரென்டிஸ் விஷயம் வேறு. 1961ஆம் ஆண்டின் அப்ரென்டிஸ் சட்டத்தின் கீழ், பட்டம் முடித்தவரை அப்ரென்டிஸாக எடுத்தால் குறைந்தது மாதம் 9,000 ரூபாய் தர வேண்டும் என்று 2019இல் விதி திருத்தப்பட்டது. நாட்ஸ் எனப்படும் தேசிய அப்ரென்டிஸ் பயிற்சித் திட்டத்தில் ஒப்பந்தம் பதிவாகும். ஸ்டைபண்டில் ஒரு பங்கை மத்திய அரசு ஏற்றுக்கொள்ளும். தென் மாநிலங்களுக்கான இதன் அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் அப்ரென்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஏப்ரலில் தேர்வு முடித்துவிட்டு மே மாதம் அதே நிறுவனத்தில் இன்டர்னாகச் சேரப் போகிறவர், சேரும் முன் ஒரு கேள்வி கேட்கலாம்: "ரிசல்ட் வந்ததும் என்னை நாட்ஸில் அப்ரென்டிஸாகப் பதிவு செய்வீர்களா?" படிப்பு முடிந்த பிறகும் தன்னை மாணவர் இன்டர்ன் என்றே நினைத்துக்கொண்டு, நாலாயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் மாதக்கணக்கில் வேலை செய்கிற பட்டதாரிகளுக்கு இந்த வழி இருப்பதே தெரிவதில்லை.

அடுத்தது திறன்கள். நம் மாதிரி அறிவிப்பு இந்த இடத்தில் நேர்மையாக இருக்கிறது. நாலு விஷயம் கட்டாயம், ஒன்று தெரிந்தால் நல்லது. நேர்காணலில் கட்டாயம் என்று போட்ட நாலிலிருந்துதான் கேட்பார்கள், அதிலும் ஜாவாஸ்கிரிப்ட்டில்தான் நேரம் போகும். ரியாக்ட் தெரியாதே என்று விண்ணப்பிக்காமல் விடுவது தேவையில்லாத பயம். ஜாவாஸ்கிரிப்ட் கைவசம் இருப்பவரை அவர்களே ரியாக்ட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

சில அறிவிப்புகளில் திறன் பட்டியல் பத்துப் பன்னிரண்டு வரிக்கு நீளும். முன்பக்கமும் தெரிய வேண்டும், சர்வர் பக்கமும் தெரிய வேண்டும், டேட்டாபேஸ், கிளவுட், போதாததற்குக் கிளையன்ட்டுடன் பேசவும் தெரிய வேண்டும். ஸ்டைபண்ட் மட்டும் ஐயாயிரம். இங்கே திறன் வரியையும் ஸ்டைபண்ட் வரியையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். அந்த நிறுவனத்துக்கு இரண்டு வருட அனுபவமுள்ள ஊழியர் ஒருவர் தேவை, அந்தச் சம்பளத்தைத் தராமல் இன்டர்ன் பெயரில் ஆள் தேடுகிறார்கள். அங்கே கற்றுத்தர யாரும் இருக்க மாட்டார்கள். நேர்காணலில் "நான் எழுதும் கோடை யார் பார்த்துத் திருத்துவார்?" என்று கேட்டால் போதும். நல்ல இடத்தில் ஒரு பெயர் சொல்வார்கள், அல்லது அவரையே கூப்பிட்டு அறிமுகம் செய்வார்கள். "டீமே பார்த்துக்கொள்ளும்" என்று பதில் வந்தால் யாரும் பார்க்கப் போவதில்லை.

தேர்வுக்கு ஒரு அசைன்மென்ட் தருவதும் உண்டு. ஒரு லாகின் பக்கம், ஒரு பொருள் பட்டியல், அதைத் தேடுவதற்கு ஒரு பெட்டி என்று அரை நாளில் முடிவதைக் கேட்டால் நியாயம். எல்லோருக்கும் அதே கேள்விதான் போயிருக்கும். உண்மையான ஒரு கடையின் பெயர், லோகோ, விலைப்பட்டியலோடு முழு வெப்சைட்டையும் ஒரு வாரத்தில் முடித்து அனுப்பச் சொன்னால், அது அந்தக் கடைக்காரரிடம் அவர்கள் பணம் வாங்கிய வேலை. மாதிரிக்கு ஒரு பக்கம் மட்டும் செய்து அனுப்பலாம். முழுதும் செய்து தரக் கூடாது.

விண்ணப்பிக்கும் முறைதான் அறிவிப்பின் கடைசி வரி, ஆனால் நிறுவனம் எப்படிப்பட்டது என்பது அதிகம் வெளிப்படும் இடமும் அதுவே. முதலில் மெயில் முகவரி. நிறுவனத்தின் சொந்த டொமைன் பெயரில் இருக்கிறதா, இலவச ஜிமெயில் முகவரியா? சின்ன நிறுவனங்கள் ஜிமெயில் வைத்திருப்பதும் உண்டு, அதை மட்டும் வைத்துத் தள்ள முடியாது. அடுத்ததாகப் பார்க்க வேண்டியது கம்பெனிப் பதிவு எண். பிரைவேட் லிமிடெட் என்று பெயரில் போட்டுக்கொள்ளும் எந்த நிறுவனத்துக்கும் சி.ஐ.என். என்ற இருபத்தொரு இலக்க எண் உண்டு. அதன் அமைப்பு இப்படி இருக்கும்:

```
U 62011 TN 2023 PTC ......
```

முதல் எழுத்து பங்குச்சந்தையில் இல்லாத கம்பெனி என்பதைச் சொல்கிறது. அடுத்த ஐந்து இலக்கம் தொழில் வகை, பிறகு மாநிலம், பதிவான ஆண்டு, பிரைவேட் கம்பெனி என்ற குறி, கடைசியாக ஆறு இலக்கப் பதிவு எண். நிறுவனத்தின் பெயரை `mca.gov.in` தளத்தில் தேடினால் அது இயங்குகிறதா, எந்த முகவரியில் பதிவாகியிருக்கிறது என்று காட்டும். "பதினைந்து வருட அனுபவம்" என்று படத்தில் போட்டிருக்கும் கம்பெனியின் எண்ணுக்குள் 2023 இருந்தால், நேர்காணலில் அதைப் பணிவாகக் கேட்கலாம். எம்.எஸ்.எம்.இ. சின்னத்தைப் பார்த்து அரசாங்க அங்கீகாரம் என்று பல பெற்றோர்கள் நினைக்கிறார்கள். உத்யம் பதிவு இலவசம், தாங்களே விவரம் கொடுத்துப் பதிந்துகொள்வது. அது இருக்கிறது என்பதால் அந்த நிறுவனத்தில் நல்ல பயிற்சி கிடைக்கும் என்று ஆகாது.

பணம் பறிக்கிற அறிவிப்புகள் ஒரே தடத்தில்தான் போகும். விண்ணப்பம் ஒரு கூகுள் ஃபார்ம். அன்றைக்கே "நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்" என்று ஆஃபர் லெட்டர் வந்துவிடும், நேர்காணலே இருக்காது. அந்தக் கடிதத்தை லிங்க்ட்இன்னில் போட்டு நிறுவனத்தை டேக் செய்யச் சொல்வார்கள். அதைப் பார்த்து இன்னும் நூறு பேர் வருவார்கள். பிறகு ஒரு வாட்ஸ்அப் குழு, யூடியூபில் இருக்கும் மூன்று சிறு டாஸ்க். கடைசியில் சான்றிதழுக்கு ஒரு கட்டணம், அல்லது தொடக்கத்திலேயே "திரும்பத் தரும் டெபாசிட்" என்று ஒரு தொகை. இன்டர்ன்ஷிப்பில் பணம் நிறுவனத்திலிருந்து மாணவருக்கு வரலாம், வராமலும் இருக்கலாம். மாணவரிடமிருந்து நிறுவனத்துக்குப் போனால் அது கோர்ஸ். கோர்ஸ் என்று வெளிப்படையாகச் சொல்லி, பாடத்திட்டம் காட்டி, கட்டணம் வாங்கினால் சேர்வதும் சேராததும் அவரவர் விருப்பம். இன்டர்ன்ஷிப் என்று அழைத்து வைத்துவிட்டுப் பணம் கேட்பவர்களை நம்பக் கூடாது. பணம் அனுப்பி ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அந்தத் தொகையை வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. அசல் மார்க் ஷீட்டைக் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. சரிபார்க்க ஒரு முறை காட்டினால் போதும்.

நிறுவனம் சரியானதுதான் என்று தெரிந்தபின் மெயில். பெரும்பாலானவர்கள் அனுப்பும் மெயிலில் தலைப்பு இருக்காது, உள்ளே "பிளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட்" என்று ஒரு வரி இருக்கும். எதிர்ப்பக்கம் நிறைய மெயில்களைத் திறக்கிற ஹெச்.ஆருக்குத் தெரிய வேண்டியது நாலே விஷயம். எந்த வேலைக்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும், கல்லூரி அனுமதி இருக்கிறதா, கேட்ட திறனை எங்கே பார்க்கலாம். கரூர் மாணவி இப்படி எழுதலாம்: "வெப் டெவலப்மென்ட் இன்டர்ன் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இறுதியாண்டு. ஜனவரியில் எனக்கு வகுப்புகள் உண்டு. தேர்வு முடிந்து மே முதல் வாரத்திலிருந்து மூன்று மாதம் முழுநேரம் வர முடியும். எங்கள் ஊர் மளிகைக் கடைக்கு ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு கடன் கணக்குப் பக்கம் செய்திருக்கிறேன். லிங்க் கீழே." அவ்வளவுதான். ஜனவரி என்று கேட்ட இடத்தில் மே என்று எழுதினால் தள்ளிவிடுவார்களே என்று தோன்றும். சிலர் தள்ளுவார்கள். சேர்ந்து நடுவில் விட்டுவிட்டுப் போகிறவரைவிட, தேதியை முன்பே சொல்கிறவரை அடுத்த பேட்ச்சுக்கு எடுத்து வைத்துக்கொள்கிற நிறுவனங்களும் இருக்கின்றன.

அந்த லிங்க்கைத் திறந்தால் என்ன தெரிகிறது என்பதுதான் மெயிலைவிட முக்கியம். கிட்ஹப்பில் பலருடைய பக்கத்திலும் ஒரே கால்குலேட்டர், ஒரே வானிலை ஆப், யூடியூப் வீடியோவைப் பார்த்து வரி மாறாமல் அடித்தது. எல்லாக் கோப்புகளும் ஒரே நாளில், ஒரே தடவையில் ஏற்றப்பட்டிருக்கும். பார்க்கிறவர் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார். மளிகைக் கடைக் கணக்கு சின்னதாக இருந்தாலும், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தால், இடையில் "தேதி தவறாக வந்தது, சரிசெய்தேன்" என்று ஒரு குறிப்பு இருந்தால், அந்தப் பெண் தானே உட்கார்ந்து எழுதியது என்று தெரியும். கூடவே `README.md` என்ற கோப்பில் இது யாருக்கு, என்ன செய்கிறது, எப்படி இயக்குவது என்று ஐந்தாறு வரி, இரண்டு ஸ்கிரீன்ஷாட். நேர்காணலில் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.

நேர்காணல் நல்லபடியாக முடிந்து "எப்போது சேர்கிறீர்கள்" என்று கேட்கும்போது, அறிவிப்பில் விட்டுப்போனதை எல்லாம் கேட்டுவிட வேண்டும். ஸ்டைபண்ட் குறைந்தது எவ்வளவு, முதல் மாதத்துக்கு உண்டா, எந்தத் தேதியில் வரும். வேலை நேரம் எது, சனிக்கிழமை உண்டா. நடுவில் தேர்வு வந்தால் விடுப்பு உண்டா. வேலை வாய்ப்பு என்று போட்டிருக்கிறீர்களே, சென்ற முறை இன்டர்ன்களில் எத்தனை பேரை எடுத்தீர்கள். கேட்டால் வாய்ப்பு போய்விடும் என்ற பயம் நம் பிள்ளைகளுக்கு அதிகம். இவற்றைக் கேட்டதற்காக ஒரு நிறுவனம் முகம் சுளித்தால் மூன்று மாதம் அங்கே எப்படி இருக்கும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. வந்த பதில்கள் ஆஃபர் லெட்டரில் இருக்க வேண்டும். இல்லையென்றால், "நேற்று பேசியபடி" என்று தொடங்கி அவற்றை நாமே மெயிலில் எழுதி அனுப்பி, சரிதானா என்று கேட்டு ஒரு பதில் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

பெண் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பும் பெற்றோர் ஒன்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் சம்பளம் வாங்கும் ஊழியருக்கு மட்டுமானது அல்ல. பயிற்சியாளர், அப்ரென்டிஸ் என்று எந்தப் பெயரில் இருந்தாலும், ஸ்டைபண்ட் இல்லாமல் வேலை செய்தாலும், அந்தச் சட்டம் பாதுகாப்புத் தரும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். சேரும் நாளில் அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பது இன்டர்னின் உரிமை.

கடைசியாகச் சான்றிதழ். "சிறப்பாகப் பணியாற்றினார்" என்ற ஒரு வரியோடு வரும் சான்றிதழைக் கல்லூரித் தேர்வுப் பிரிவு ஏற்காமல் திருப்பி அனுப்பியது உண்டு. சேர்ந்த தேதி, முடிந்த தேதி, மொத்த மணி நேரம், செய்த வேலை, மேற்பார்வை செய்தவர் பெயரும் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும். கல்லூரிக்கென்று தனிப் படிவம் இருந்தால் அதைச் சேர்கிற முதல் வாரமே ஹெச்.ஆரிடம் கொடுத்துவிடுவது நல்லது. மூன்று மாதம் கழித்துக் கேட்கப் போகும்போது, நம் வேலையை அருகிலிருந்து பார்த்தவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.